நேரில் பார்ப்பதா, நடந்ததைக் கேட்பதா?

புது வேலைக்கு விளம்பரம் எழுதுமுன் அந்த வேலையைப் பற்றித் தகவல் திரட்ட இரண்டு வழிகள். ஒன்று, கூடவே நின்று பார்ப்பது. பேக்கிங் பிரிவுக்கு இது போதும், ஒரு ஷிஃப்டிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டரை ஆரம்பம் முதல் கடைசிவரை கவனிக்கும் மெர்ச்சன்டைசர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பிள், சாயம், தையல், ஷிப்மென்ட் என ஒரு ஆர்டர் மாதக்கணக்கில் ஓடும். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தால் போனும் மெயிலும்தான் கண்ணில் படும், கடைசியில் "நல்ல தகவல் தொடர்புத் திறன் தேவை" என்று எழுதிவைப்போம், அது எந்த வேலைக்கும் பொருந்தும்.

இங்கே எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, 1954-ல் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளனகன் எழுதிவைத்த சம்பவ முறை. "கடைசியாக ஷிப்மென்ட் தள்ளிப்போகும் நிலை வந்தபோது என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது?" என்று கேளுங்கள். துணியின் நிறம் பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளோடு ஒத்துவரவில்லை, அன்றே துணித் துண்டை அவருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு, தையலில் வேறு நிறத்தை முதலில் ஓடவிட்டேன் என்று பதில் வந்தால், நிற வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் கண், உற்பத்தி வரிசையை மாற்றத் தெரிவது என இரண்டு திறன்கள் கிடைத்துவிட்டன.

குறை என்னவென்றால், நெருக்கடிதான் நினைவில் நிற்கும், தினசரி எக்செல் வேலையை யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு மட்டும் அரை நாள் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.