கம்பெனி இணைப்புச் செய்தியை ஊழியர் மடலில் சொல்வது: கடிதமா, சுற்றறிக்கையா, கேள்வி-பதிலா?

கம்பெனி இன்னொரு கம்பெனியோடு இணையப்போகிறது என்ற செய்தி தமிழ் ஊழியர் மடலில் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் ஒன்றில்தான் வருகிறது. எம்.டி. கையெழுத்துப் போட்ட உருக்கமான கடிதம் ஒன்று. கம்பெனிச் செயலர் எழுதியதை அப்படியே தமிழாக்கிய சுற்றறிக்கை இன்னொன்று. ஊழியர் மனதில் ஓடும் கேள்விகளை எழுதி, கீழே பதில் போடுவது மூன்றாவது. ஒரே செய்தியை மூன்றிலும் எழுதிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு, கோவைப் பக்கம் பம்ப்செட் செய்யும் ஒரு தொழிற்சாலையை வைத்துக்கொள்வோம். அது பெரிய கம்பெனி ஒன்றோடு இணைகிறது. இரண்டு பக்கமும் இயக்குநர் குழு ஒப்புதல் தந்துவிட்டது. தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் உத்தரவு இன்னும் வரவில்லை. இந்த நிலையில் மடல் போகிறது.

கடிதம் இப்படி இருக்கும்: “அன்பு உறவுகளே, நம் குடும்பம் இன்று பெரிதாகிறது. இந்த இணைப்பால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் வராது. வழக்கம்போல உற்சாகமாகப் பணியாற்றுங்கள்.”

சுற்றறிக்கை இப்படி: “01.04.2026-ஐ நியமிக்கப்பட்ட நாளாகக் கொண்ட இணைப்புத் திட்டத்துக்கு, தீர்ப்பாயத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டு, இயக்குநர் குழு இசைவளித்துள்ளது. மாற்றித் தரும் நிறுவனத்தின் பணியாளர்கள், பணித்தொடர்ச்சி முறிவின்றி, பெற்றுக்கொள்ளும் நிறுவனத்தின் பணியாளர்களாவர்.”

கேள்வி-பதில் இப்படி: “என் வேலை என்ன ஆகும்? தீர்ப்பாயம் ஒப்புதல் தந்து திட்டம் நடைமுறைக்கு வரும் நாளில், நம் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருக்கும் எல்லோரும் புதிய கம்பெனியின் ஊழியர் ஆகிவிடுவார்கள். இதுவரை செய்த சர்வீஸ் அப்படியே சேரும். சம்பளமும் பணி நிபந்தனைகளும் இன்று இருப்பதைவிடக் குறையாது. இணைப்புத் திட்டத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது.”

கடிதத்தின் குரல் இதமானதுதான். ஆனால் “எந்தப் பாதிப்பும் வராது” என்ற வரி உண்மையில்லை. இணைப்புக்குப் பிறகு சம்பளச் சீட்டில் பெயர் மாறும், அடையாள அட்டை மாறும், பி.எஃப். கணக்கில் வேலை இருக்கும், சில இடங்களில் ஷிப்ட் நேரமும் பஸ் தடமும்கூட மாறும். முதல் மாற்றம் வந்த அன்றே, “பாதிப்பு வராதுன்னு சொன்னாங்களே” என்று கேன்டீனில் பேச்சு கிளம்பும். அதற்குப் பிறகு மடலில் வரும் உண்மையான உறுதிமொழியையும் யாரும் நம்பமாட்டார்கள். இப்படி ஒரேயடியாகச் சொன்ன வரியைத் தொழிற்சங்கம் பேச்சுவார்த்தை மேசையில் எடுத்து வைக்கவும் கூடும்.

சுற்றறிக்கையில் தப்பு எதுவும் இல்லை. சட்டம் பேசும் வார்த்தையிலேயே அது பேசுகிறது. ஆனால் லேத் முன்னால் நின்று எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு, மாற்றித் தரும் நிறுவனம் தன்னுடையதா எதிராளியுடையதா என்பதே குழப்பம். உறுதி அந்த வரிக்குள் இருந்தும் அவர் கைக்கு வந்து சேரவில்லை. அவர் பக்கத்து மெஷின்காரரிடம் கேட்பார். அவர் சொல்வதுதான் செய்தியாகிவிடும்.

மூன்றில் கேள்வி-பதிலைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஆறுதலையும் துல்லியத்தையும் ஒரே வரியில் வைக்க அதில்தான் இடம் இருக்கிறது. மேலே இருக்கும் பதிலைப் பாருங்கள். சர்வீஸ் முறியாது, நிபந்தனை குறையாது, பழைய சர்வீஸும் கணக்கில் வரும் என்று மூன்று விஷயம் சொல்கிறது. தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு, கம்பெனி கைமாறும்போது தொழிலாளிக்கு இழப்பீடு தரத் தேவையில்லை என்று சொல்வதற்கு வைத்த நிபந்தனைகளும் ஏறக்குறைய இவைதான். இதில் மூன்றாவதாக, பின்னால் ஆட்குறைப்பு வந்தால் பழைய சர்வீஸையும் சேர்த்தே புதிய முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று இருக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆக, சட்டம் கேட்பதைப் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னாலே ஆறுதல் தானாக வந்துவிடுகிறது.

நம் ஊரில் நடந்த ஒன்றையே பார்க்கலாம். கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. வங்கி நெருக்கடியில் இருந்த நேரம். அந்த இணைப்புத் திட்டத்தில் ஊழியர்களைப் பற்றிய வரி, ‘நவம்பர் 17-க்கு உடனே முன்பு இருந்த அதே சம்பளம், அதே பணி நிபந்தனை’ என்று ஒரு தேதியோடு கட்டி எழுதப்பட்டிருந்தது. தேதி இருந்ததால், எந்த நாள் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும் என்று பிற்பாடு யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. மடலிலும் இதையே செய்யலாம். “இப்போதுள்ள சம்பளம்” என்று எழுதாமல், “இன்ன தேதியில் நீங்கள் வாங்கும் சம்பளம்” என்று எழுதுங்கள்.

சர்வீஸ் சேரும் என்பதை ஊழியர் மனதில் பதிய வைக்க ஒரு கணக்குப் போதும். பழைய கம்பெனியில் 12 வருஷம், இணைப்புக்குப் பிறகு 3 வருஷம் வேலை செய்து ஒருவர் விலகுகிறார். கிராஜுவிட்டிக்குக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளம் 18,200 ரூபாய். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 700. 15 நாளுக்கு 10,500. சர்வீஸ் 15 வருஷமாகச் சேர்ந்தால் 1,57,500 ரூபாய் கைக்கு வரும். புதிய கம்பெனியில் செய்த 3 வருஷத்தை மட்டும் எண்ணினால், நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து வருஷம் நிறையவில்லை என்பதால் ஒன்றுமே வராது. கடிதமும் சுற்றறிக்கையும் பக்கம் பக்கமாக எழுதினாலும் இந்த ஒரு பத்தி தரும் நிம்மதியைத் தரமுடியாது. கேள்வி-பதிலில், “என் பழைய சர்வீஸுக்கு கிராஜுவிட்டி உண்டா?” என்ற கேள்விக்குக் கீழே அது இயல்பாக உட்கார்ந்துவிடும்.

தேதியில்தான் மூன்று வடிவமும் அதிகம் சறுக்குகின்றன. திட்டத்தில் அப்பாயின்டட் டேட் என்று ஒன்று இருக்கும்; சுற்றறிக்கையில் ‘நியமிக்கப்பட்ட நாள்’ என்று வந்தது அதுதான். கணக்கு வழக்குகள் எந்த நாளிலிருந்து ஒன்றாகப் பார்க்கப்படும் என்பதை அது சொல்கிறது. திட்டம் நடைமுறைக்கு வரும் எஃபெக்டிவ் டேட் வேறு. பொதுவாக, தீர்ப்பாய உத்தரவின் சான்றிட்ட நகலைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் நாள் அது. உத்தரவு கைக்கு வந்து 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். இரண்டுக்கும் நடுவில் பல மாதங்கள் ஓடலாம். கடிதம் “இன்று முதல் நாம் ஒன்று” என்று எழுதிவிடும், சுற்றறிக்கை 01.04.2026 என்பதை மட்டும் போட்டு நிறுத்திவிடும். அதைப் படித்தவர், ஏப்ரலிலிருந்து வாங்கிய சம்பளம் யாருடையது, பி.எஃப். ஏன் இன்னும் பழைய பெயரில் போகிறது என்று குழம்புவார். கேள்வி-பதிலில் இதற்கு இரண்டு வரி போதும்: “01.04.2026 என்பது கணக்குக்கான தேதி. நீங்கள் புதிய கம்பெனியின் ஊழியர் ஆகும் தேதி தீர்ப்பாய உத்தரவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்த பிறகு தெரியும். தெரிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.”

அறிவிப்பும் நடைமுறையும் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அலகாபாத் வங்கி சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியன் வங்கியோடு இணையும் என்று 2019 ஆகஸ்ட் 30-இல் நிதியமைச்சர் அறிவித்தார். நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரல் 1. கம்ப்யூட்டர் அமைப்புகள் ஒன்றானது அதற்கும் பிறகு, 2021 பிப்ரவரியில். “இணைந்துவிட்டோம்” என்று முதல் மடலிலேயே எழுதியிருந்தால், நடைமுறைக்கு வரும்வரை ஏழு மாதம் அந்த வரி பொய்யாக நின்றிருக்கும். ‘ஒப்புதல் தந்திருக்கிறது’, ‘இணையும்’, ‘இணைந்தது’ என்ற மூன்றில் மடல் போகும் நாளில் எது உண்மையோ அதை மட்டும் எழுத வேண்டும். இரண்டு கம்பெனிகளில் எது நிற்கும், எது கலையும் என்பதையும் பெயரோடு எழுதிவிடுங்கள். நம்முடையது கலைகிறது என்றால் அதை மறைத்து எழுதிப் பயனில்லை. சம்பளச் சீட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

பி.எஃப். பற்றி ஒரு கேள்வி தனியாக வேண்டும். யு.ஏ.என். மாறாது. ஆனால் புதிய கம்பெனியின் கோடின் கீழ் புதிய மெம்பர் ஐ.டி. உருவானால், பழைய இருப்பை அதற்கு மாற்ற வேண்டும். பழைய ஐ.டி.யில் போடும் விலகிய தேதிக்கும் புதியதில் போடும் சேர்ந்த தேதிக்கும் நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால்கூட, ஆவணத்தில் சர்வீஸ் முறிந்ததாகத் தெரியும்; பென்ஷன் கணக்குப் பார்க்கும்போது அது தலைவலி. பி.எஃப். இணையதளத்தின் சர்வீஸ் ஹிஸ்டரி பகுதியில் இந்த இரண்டு தேதிகளையும் எப்படிப் பார்ப்பது, தப்பு இருந்தால் மனிதவளப் பிரிவில் யாரிடம் சொல்வது என்று மடலிலேயே எழுதினால், ஊழியரே முதல் மாதத்தில் பிழையைப் பிடித்துவிடுவார்.

கேள்வி-பதிலிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. சங்கடமான கேள்வியை எழுதுகிறவரே விட்டுவிடலாம். நான் பார்த்த வரையில் அடிக்கடி விட்டுப்போவது ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய கேள்வி. “அனைத்து ஊழியர்களும்” என்று எழுதினால், அதே ஷெட்டில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று நம்பிக்கொள்வார். அவர் சம்பளப் பட்டியல் ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது. மேலே சொன்ன உறுதி அவரைத் தொடாது. ஒப்பந்தக்காரரோடு கம்பெனி போட்ட ஒப்பந்தம் புதிய கம்பெனியின் பெயருக்கு மாறுகிறதா, எதுவரை செல்லும் என்பதை நேராகச் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

முடிவாகாத விஷயங்களும் இருக்கும். இரண்டு அக்கவுண்ட்ஸ் பிரிவும் ஒன்றாகுமா, போனஸ் யார் விதிப்படி என்பதெல்லாம் முதல் மடல் போகும்போது பெரும்பாலும் தெரியாது. கடிதம் இதைத் தொடாது. சுற்றறிக்கைக்கு இது வேலையில்லை. கேள்வி-பதிலில், “இது இன்னும் முடிவாகவில்லை. இன்ன தேதிக்குள் இன்னார் முடிவு செய்வார், அதுவரை இப்போதுள்ள விதியே நடக்கும்” என்று எழுதலாம். தேதியும் ஆளும் இல்லாமல் “விரைவில் தெரிவிக்கப்படும்” என்று விட்டால், அதைவிடக் கேள்வியைப் போடாமலேயே இருந்திருக்கலாம்.

கடிதத்தை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். கேள்வி-பதிலுக்கு மேலே நான்கைந்து வரியில் எம்.டி. பெயரோடு ஒரு கடிதம் இருக்கட்டும். ஏன் இணைகிறோம் என்ற காரணத்தையும், கீழே உள்ள பதில்களுக்குத் தான் பொறுப்பு என்பதையும் அவர் சொன்னால் போதும். சுற்றறிக்கை வாசகம் கடைசிப் பக்கத்தில் திட்டத்தின் பத்தி எண்களோடு இருக்கட்டும், சரிபார்க்க நினைப்பவர்களுக்காக. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால், சந்தைக்குத் தெரிவித்த பிறகுதான் மடல் வெளியே போகலாம். அதிலிருக்கும் தேதியும் வாசகமும் சந்தைக்குத் தந்த அறிவிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று கம்பெனிச் செயலரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.