பாக்கெட் கல்லு மாதிரி இருந்ததே என்று நம்பி 2,340 ரூபாயைக் குப்பையில் போட்டேன்

நேற்று மதியம் நடந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குடும்பம் தூத்துக்குடியிலிருந்து வருகிறது என்று, வீட்டுக்கே மீன் கொண்டுவந்து தரும் செயலி ஒன்றில் உறைந்த வஞ்சிரம் துண்டு ஒரு கிலோ (1,490 ரூபாய்), உரித்த உறைந்த இறால் ஒரு கிலோ (850 ரூபாய்) போட்டேன். மொத்தம் 2,340. செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மே மாத வெயிலில் மார்க்கெட்டுக்குப் போகச் சோம்பல் பட்டதுதான் நான் செய்த முதல் தப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் பையன் வந்தான். கவரை வாங்கியதும், "தம்பி, வழியில உருகலையே?" என்று கேட்டேன். அவன் பாக்கெட்டை விரலால் தட்டிக் காட்டினான். "கல்லு மாதிரி இருக்கு பாருங்கக்கா." டொக் டொக் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் நம்பிவிட்டேன். இப்போது கல்லாக இருப்பது இப்போது உறைந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும், நடுவில் ஒரு தடவை உருகியதா என்பதைச் சொல்லவே சொல்லாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

உள்ளே கொண்டுவந்து பார்த்தால் வஞ்சிரத் துண்டுகளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல் காய்ந்த திட்டுகள். கவரின் உள்பக்கம் ஊசி ஊசியாகப் பனி. பயந்துபோய் ஒரு படம் எடுத்து, அந்த வெள்ளைத் திட்டை வட்டமிட்டு, செயலியின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: "இது ஃப்ரீசர் பர்ன் மேடம். இயல்பானது, தாராளமாகச் சாப்பிடலாம்."

இதில் எரிச்சல் என்னவென்றால், அந்தப் பதில் தப்பில்லை. ஃப்ரீசருக்குள் இருக்கும் வறண்ட காற்று மீனின் மேல்பகுதி ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பனி தண்ணீராகாமலே ஆவியாகிப் போய்விடுகிறது. ஈரம் போன இடம்தான் வெளுத்துச் சக்கையாகிறது. தின்றால் ரப்பர் போலிருக்கும், ருசி இருக்காது, ஆனால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். கவருக்குள் ஊசிப் பனி நிற்பதற்கும் அதே ஈரம்தான் காரணம். ஃப்ரீசரின் குளிர் ஏறி இறங்கும்போது மீனிலிருந்து வெளியே வந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்கிறது. ஃப்ரீசர் ஒழுங்காக இல்லை என்று தெரிகிறதே தவிர, மீன் உருகியது என்று அர்த்தமில்லை.

சரி என்று ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுத் தூங்கினேன்.

நேற்று அண்ணன் வந்தார். இருபது வருடம் இறால் ஏற்றுமதி கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவர். என் போனில் அதே படத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீ எங்க வட்டம் போட்டிருக்க? கீழ் மூலையைப் பாரு" என்றார். பார்த்தேன். கவரின் ஒரு மூலையில் மட்டும் இளஞ்சிவப்பாக, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு ஐஸ் கட்டி. என் படத்திலேயே இருந்திருக்கிறது. நான் வெள்ளையைப் பார்த்துப் பயந்தேன், சிவப்பைக் கவனிக்கவில்லை.

மீன் உருகினால் அதன் சாறு ரத்தத்தோடு வடிந்து, கவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பள்ளத்தில் போய்த் தேங்கும். மறுபடி ஃப்ரீசரில் போட்டால் அங்கேயே உறைந்துவிடும். ஃப்ரீசர் பர்ன் ஒரு நாளும் மூலையில் குளம் கட்டாது. துண்டுகளும் தனித்தனியாக இல்லாமல், கவரின் மடிப்புக்கு ஏற்றபடி அழுந்தி ஒட்டிக் கிடந்தன. இளகிய பிறகுதான் அப்படி அழுந்தும். இறாலும் அப்படியே. தனித்தனியாக உறைய வைத்த இறால் பாக்கெட்டைக் குலுக்கினால் கூழாங்கல் போலச் சலசலக்க வேண்டும். எனக்கு வந்தது ஒரே செங்கல். வடிதட்டில் போட்டுத் தண்ணீர் வடிந்த பிறகு நிறுத்துப் பார்த்தேன்: 680 கிராம். இறால் காயாமல் இருக்க மேலே மெல்லிசாக ஐஸ் பூசுவார்கள், அது வழக்கம்தான். ஆனால் அந்த ஐஸ் எடையில் சேரக் கூடாது. நான் 850 ரூபாய் கொடுத்தது ஒரு கிலோ இறாலுக்கு.

"திரும்ப உறைய வச்சா தப்பா?" என்று கேட்டேன். எல்லா நேரமும் தப்பு என்று சொல்ல முடியாதாம். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே, 4 டிகிரிக்குக் கீழே இளகியிருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், பதம்தான் போகும். நடுவில் இன்னும் ஐஸ் இருக்கும்போதே உள்ளே போட்டிருந்தாலும் பரவாயில்லை. வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல், சென்னை வெயிலில் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால்தான் ஆபத்து. இந்தப் பாக்கெட் எங்கே, எவ்வளவு நேரம் கிடந்தது என்று எந்தப் படமும் சொல்லாது.

"நல்லா பொரிச்சா சரியாயிடாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். 1,490 ரூபாய் மீனைத் தூக்கிப் போட யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் வஞ்சிரம், அயிலை, சூரை இனத்து மீன்கள் சூட்டில் கிடந்தால் அதில் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. நாற்றம்கூட இல்லாமல் இருக்கலாம். தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு, படபடப்பு என்று வரும். வீட்டில் மூன்று குழந்தைகள். இரண்டு பாக்கெட்டையும் போட்டுவிட்டேன். மதியம் முட்டைக் குழம்பு.

பிறகு மறுபடி சேவைக்கு எழுதினேன், இந்த முறை மூலையை வட்டமிட்டு. முதல் ஆள்: "ஏற்கெனவே ஃப்ரீசர் பர்ன் என்று விளக்கம் கொடுத்தாகிவிட்டது மேடம்." சிவப்பு ஐஸுக்கு என்ன விளக்கம் என்று கேட்டால், "தரக்குழுவிடம் அனுப்புகிறோம்." இரண்டு மணி நேரம் கழித்து இன்னொருவர்: "பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள், அதனால் பணம் திரும்பத் தர இயலாது." பிரிக்காமல் எப்படி நிறுப்பது? மூன்றாவது ஆள், வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றார். சொன்னேனே, பத்து நிமிடத்தில்! அதற்குத்தானே "தாராளமாகச் சாப்பிடலாம்" என்றீர்கள்! கடைசியில் 100 ரூபாய் கூப்பன். போனது 2,340.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. பையன் நிற்கும்போதே இறால் பாக்கெட்டைக் குலுக்குங்கள். கவரை வெளிச்சத்தில் தூக்கி நாலு மூலையையும் பாருங்கள், நிறமான ஐஸ் இருந்தால் வாங்காதீர்கள். படம் அனுப்பினால் மூலையை அனுப்புங்கள். வெள்ளைத் திட்டை அனுப்பினால் எனக்கு வந்த பதில்தான் உங்களுக்கும் வரும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அந்தக் கூப்பன் 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் செல்லுமாம், அதுவும் உறைந்த மீனுக்கு மட்டும்.