விற்கவா, கப்பலில் போடவா, விட்டுவைக்கவா, கொடுக்கவா: கோவையிலிருந்து கனடா போன ஒரு வீட்டின் பட்டியல்

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற முதல்முறை இறங்கும்போது சுங்க அதிகாரியிடம் இரண்டு பட்டியல் தர வேண்டும். ஒன்று, கையோடு கொண்டுவந்த சாமான். இன்னொன்று, பின்னால் கப்பலில் வரப்போகும் சாமான். இந்த இரண்டாவது பட்டியலில் இல்லாத பொருள் ஆறு மாதம் கழித்து வந்து சேர்ந்தால் அதற்கு வரி கேட்கலாம். இதற்கான BSF186 என்ற படிவத்தை முன்பே நிரப்பிக்கொண்டு போகலாம்.

இது தெரிந்த பிறகு வீட்டு சாமான் பட்டியலைத் தனியாகவும் சுங்கப் பட்டியலைத் தனியாகவும் எழுதுவது வீண் வேலை என்று தோன்றியது. ஒரே பட்டியலாக எழுதினோம். பொருள், மதிப்பு, மின்சாதனம் என்றால் சீரியல் எண், கடைசியில் ஒரு கட்டம்: விற்க என்றால் வி, கப்பலுக்கு க, விட்டுவைக்க வை, கொடுக்க கொ. முதல் நாள் இரவே 140 வரி வந்துவிட்டது. அதில் 20 வரி சில்வர் டப்பா.

முதலில் கப்பல் கணக்கு. வீட்டு சாமானைக் கப்பலில் அனுப்பும்போது எடையைவிட இடம்தான் காசு. கன மீட்டர் கணக்கில்தான் விலை சொல்வார்கள். எங்களுக்குச் சொன்னது, அங்கே வீட்டு வாசல்வரை கன மீட்டருக்குச் சுமார் 30,000 ரூபாய். ஒரு கன மீட்டர் என்பது 35 கன அடி. எங்கள் இரும்பு பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம். பெருக்கினால் 29 கன அடி, அதாவது முக்கால் கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பீரோவை அனுப்ப மட்டும் 25,000 ரூபாய். புது பீரோவே அந்த விலைக்குள் வந்துவிடும். விற்றுவிட்டோம். சோபாவுக்கும் டைனிங் டேபிளுக்கும் இதே கணக்கு, இதே முடிவு.

விலை கேட்கும்போது ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள்: துறைமுகத்தில் இறக்கும் கூலி, அங்கே கிடங்கு வாடகை, சுங்க வேலைக்கான கட்டணம் எல்லாம் அடங்குமா? குறைந்த விலை சொன்ன ஒருவருடைய கடிதத்தில் இந்த மூன்றுமே இல்லை. இன்னொன்று, சாமானை அடைக்கும் மரப்பெட்டி. பக்கத்துத் தச்சர் பழைய பலகையில் அடித்துக் கொடுக்கும் பெட்டி கனடாவுக்குப் போகாது. பூச்சி வராமல் வெப்பத்திலோ மருந்துப் புகையிலோ பதப்படுத்தி, ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை குத்திய மரம்தான் செல்லும். அந்த முத்திரையில் ஒரு கோதுமைக் கதிர் படம் இருக்கும்; பெட்டியில் அது தெரிகிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

மின்சாதனத்துக்கு வேறு கணக்கு. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். போன், லேப்டாப் சார்ஜர்களில் பெரும்பாலும் 100 முதல் 240 என்று அச்சடித்திருக்கும். பிளக்கை மாற்றினால் போதும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் யோசிக்காமல் ‘வி’.

சண்டை வந்தது கிரைண்டரில். மாமியார் கொடுத்த டேபிள் டாப், இரண்டு லிட்டர். “ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டினா ஓடாதா மாப்ளே?” என்று கேட்டார். ஓடும் அத்தை, ஆனால் சரியாக ஓடாது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் ஏற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 50-க்குச் செய்த மோட்டார் 60-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். கல் வேகமாகச் சுற்றினால் மாவு சூடாகும். மாவு சூடானால் இட்லி எப்படி வரும் என்று அத்தைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிக்சி மோட்டார் வேறு ரகம், ஹெர்ட்ஸ் மாறினாலும் கவலையில்லை; ஆனால் 750 வாட்ஸ் மிக்சிக்கு இரண்டு மடங்கு தாங்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது சமையல் மேடையில் ஒரு செங்கல்கட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கோவையிலேயே வெளிநாட்டுக்கென்று 110 வோல்ட் கிரைண்டர் செய்கிறார்கள். வாங்கும்போது வோல்ட்டோடு 60 ஹெர்ட்ஸ் என்றும் கிரைண்டரில் உள்ள விவரத் தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சுங்க வரிச் சலுகை, நாம் வைத்திருந்து பயன்படுத்திய பொருளுக்குத்தான். புதிதாக வாங்கியதற்கு வரி வரலாம், பில் கையில் இருக்கட்டும். எங்கள் டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி, நான்கு பேருக்கு எட்டு. அதில் ஒரு பெட்டியைக் கிரைண்டரே பாதிக்குமேல் தின்றுவிட்டது. பழைய கிரைண்டர் சித்தி வீட்டுக்கு, ‘கொ’.

இனி ‘வை’. நாங்கள் அதிகம் தவறு செய்தது இந்தக் கட்டத்தில்தான். விற்க மனமில்லாததை எல்லாம் முதலில் ‘வை’ என்று எழுதினோம், 31 வரி. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: சும்மா கிடந்தால் இது கெடுமா? இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறாமல் சில மாதம் கிடந்தால் செத்துவிடும். இலவம்பஞ்சு மெத்தை எலிக்கு வீடு. பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் மட்டும் எத்தனை வருடமும் கிடக்கும். 31 வரி 9 ஆயிற்று.

அப்பாவின் தேக்குக் கட்டிலை அனுப்ப ஆசை. ஆனால் அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று வறண்டுபோகும். நம் ஊர் ஈரத்தில் பழகிய மரம் சுருங்கி இணைப்பு விடும். அதனால் பொள்ளாச்சியில் பெரியப்பா வீட்டில். அடுக்கி மூடி வைக்காமல், தினமும் படுக்கச் சொல்லி. ஆள் புழங்கும் கட்டிலில் கறையான் வந்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பூட்டிய அறையில் என்றால் காலே போன பிறகுதான் தெரியும்.

ஒன்று மட்டும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்: கொடுத்ததா, வைத்ததா? சொந்தக்காரர் வீட்டில் “நீங்களே வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு மனதுக்குள் ‘வை’ போட்டால், மூன்று வருடம் கழித்து வந்து கேட்கும்போது முகம் கோணும். கட்டிலுக்கு நேராக ‘வை, பெரியப்பா’ என்று எழுதி அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “சரி தம்பி, இது உன்னோடதுதான்” என்று பதில் வந்தது. வீட்டு வேலைக்கு வந்த அக்காவுக்குப் பாத்திரமும் டிவியும் கொடுத்தோம்; அதில் இந்தக் குழப்பமே இல்லை.

பாட்டியின் குத்துவிளக்கு தனிக்கதை. நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. தாண்டவில்லை என்றால், தொன்மைப் பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்ளலாம். எங்கள் விளக்குக்கு எவ்வளவு வயது என்று யாருக்கும் தெரியாது. அம்மாவிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

விற்பனையில் பெரிய நுட்பமில்லை. அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போட்டால் விலை சற்றுக் குறையும், ஆனால் ஆள் வந்து தூக்கிப் போய்விடுவார். காருக்கு மட்டும் பணம் வந்ததும் விட்டுவிடாமல் படிவம் 29, 30 போட்டு ஆர்.சி. பெயர் மாறும்வரை நின்றோம். கேஸ் இணைப்பை விற்க முடியாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டை வாங்க வேண்டும். அது கடைசி நாள் வேலை. அன்றைக்கு இரவு எதிர்வீட்டில்தான் சாப்பாடு.