ஃப்ளாஷா, யன்னல் வெளிச்சமா?

கல்லடியில் பெரியம்மாவின் அலுமாரியில் ஒரு வட்டச் சாமான் கிடந்தது. தட்டும் வயரும் உண்டு, பெயர் இல்லை.

என்ன சாமான் என்று அறியப் படம் எடுத்துப் பார்த்தேன். ஃப்ளாஷ் போட்டு நேராக எடுத்தால் தட்டு பளிச்சென்று வெள்ளையாகிவிடுகிறது. அடியில் புடைத்திருந்த எழுத்துகளும் நிழலின்றித் தட்டையாகிவிட்டன. ஃப்ளாஷை அணைத்து, யன்னலருகே அடிப்பக்கத்தை வெளிச்சம் உரசிப்போகும்படி சரித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழுந்தது. 220-240V, 350W என்று வாசிக்க முடிந்தது. தட்டும் இருப்பதால் சூடாக்கும் சாமானாக இருக்கலாம்.

சரி, எதைச் சூடாக்க? கூட இருந்த அளவுக் கிண்ணத்தைக் கவிழ்த்து, பக்கவாட்டிலும் ஒன்று எடுத்தேன். அடியில் சின்ன ஊசி! முட்டை ஓட்டில் துளையிட. முட்டை அவிக்கும் கருவி.

அச்சிட்ட ஸ்டிக்கருக்குச் சாய்ந்த வெளிச்சம் உதவாது; பரவலான வெளிச்சமே போதும். ஆழமான துளைக்குள் பார்க்க மட்டும் ஃப்ளாஷ் நல்லது.