தண்ணீர் டிரம்: தேய்த்துக் கழுவுவதா, அபேட் மருந்தா?

மாடியில் 200 லிட்டர் டிரம் வைத்திருப்பவர்களுக்கு, கொசு வராமலிருக்க டிரம்மைத் தேய்த்துக் கழுவுவதா, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றுவதா என்ற குழப்பம் வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில்தான் முட்டையை ஒட்டுகிறது. கறுப்பு மிளகுத்தூள் அப்பியது போல இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது.

செலவு: கழுவ ஒரு தேங்காய் நார் போதும். அபேட்டை ஊராட்சி, மாநகராட்சிப் பணியாளர்களே ஊற்றிவிட்டுப் போவார்கள்.

பலன்: நார் முட்டையையே பெயர்த்துவிடும். அபேட் புழுவைத்தான் கொல்லும். முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பிவிடும்.

எத்தனை நாள்: முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்த்தாக வேண்டும். அபேட் சில வாரம் நிற்கும். ஆனால் தினமும் மொண்டு நிரப்பும் டிரம்மில் சீக்கிரம் நீர்த்துப்போகும்.

காலி செய்யக்கூடிய டிரம், ஏர்கூலர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றுக்கும் தேய்ப்பதே சரி. கழுவியதும் டிரம் வாயில் வேட்டித் துணியை இறுக்கிக் கட்டுங்கள். துணி தண்ணீரில் தொய்யக் கூடாது. காலி செய்யவே முடியாத தரைத்தொட்டிக்கு அபேட்.