சுகர், பிரஷர் நோயாளிகளுக்கு எக்செல் பதிவேடு: மூன்று வருட அனுபவம்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். சுகருக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்கள் சுமார் இருநூறு பேர். யார் தேதி தப்பினார்கள் என்று நோட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாமல்தான் 2022 தொடக்கத்தில் எக்செல்லுக்கு மாறினோம்.

முதலில் அடுத்து வரவேண்டிய தேதியைக் கையாலேயே அடித்தோம். பக்கத்துக் கட்டத்தில் ஒரே ஒரு சூத்திரம்:

```
=IF(TODAY()>D2,"தாமதம்","")
```

அந்த அக்டோபர் 6-ம் தேதி வியாழக்கிழமை ஒரு பெரியம்மா வந்தார். பிரஷர் 190/110. கடைசியாக ஜூன் 16-ல் முப்பது நாள் மாத்திரை வாங்கியவர். ஜூலை 16-ல் வந்திருக்க வேண்டும். 82 நாள் தள்ளிப் போயிருக்கிறது. "முன்னே ஒரு தடவை நாள் தப்பினப்போ போன் போட்டீங்கள்ல தாயி, இந்தத் தடவை போன் வரலையேன்னு நானும் இருந்துட்டேன்" என்றார். எனக்குக் கை ஓடவில்லை. அவர் பெயர் ஒரு நாள்கூட தாமதப் பட்டியலில் வரவே இல்லை.

அன்று மாலை அவர் வரியைத் திறந்து பார்த்தேன். தேதி 16.07.2022 என்று புள்ளி வைத்து அடித்திருந்தது. நோட்டில் நாம் அப்படித்தானே எழுதுவோம். ஆனால் எங்கள் கணினி அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்திருந்தது. எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட்டால் எக்செல்லுக்கு எப்போதும் எழுத்துதான் பெரியது. அதனால் இன்றைய தேதி அதைத் தாண்டவே தாண்டாது. பிழைச் செய்தியும் வராது, கட்டம் காலியாகவே இருக்கும். நாம் "சரி, இவர் ஒழுங்காக வருகிறார்" என்று நினைத்துக்கொள்வோம்.

கண்ணால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கட்டத்தில் இடம் வலம் என்று எதையும் மாற்றி அமைக்காமல் விட்டால் உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். அன்று அப்படி இடப்பக்கம் நின்ற வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து Text to Columns போய், கடைசிப் படியில் Date: DMY கொடுத்ததும் எல்லாம் தேதியாக மாறின. பட்டியல் கிடுகிடுவென நீண்டது.

அதன்பிறகு வரவேண்டிய தேதியை யாரும் அடிப்பதில்லை. C-யில் வந்த தேதி, D-யில் எத்தனை நாள் கணக்கு என்பது மட்டும். மீதியை E-யும் F-ம் பார்த்துக்கொள்ளும்:

```
E2: =IF(COUNT(C2:D2)=2,C2+D2,"")
F2: =IF(A2="","",IF(OR(COUNT(C2:D2)<2,C2>TODAY()),"தேதி பார்",IF(TODAY()-E2>7,"தாமதம்","சரி")))
```

COUNT எண்ணையும் தேதியையும் மட்டும்தான் எண்ணும். எழுத்தாக அடித்திருந்தாலோ காலியாக விட்டிருந்தாலோ "தேதி பார்" என்று வரி சத்தம் போடும். வந்த தேதி நாளைக்கு என்று இருந்தாலும் அப்படியே. நாளும் மாதமும் இடம் மாறிய தேதிகளில் சிலது அதில் மாட்டும். மாறிய தேதி பழைய தேதியாக விழுந்துவிட்டால் மாட்டாது. அதற்காகத் தேதியை 05-Apr-2024 என்று மாதப் பெயரோடு காட்டும்படி வைத்தோம். இன்றைய தேதிக்கு Ctrl+; அடித்தால் போதும், கையால் அடிக்கவே வேண்டாம். Data Validation-ம் போட்டிருக்கிறோம், ஆனால் வேறிடத்திலிருந்து ஒட்டினால் அது தடுக்காது.

ஏழு நாள் விட்டுப் பிடிப்பது யோசித்து வைத்ததுதான். அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். அப்புறம், D-யில் 30 போடாமல் 28 போடுகிறோம். நான்கு வாரம் என்பதால் வியாழனில் வந்தவருக்கு வியாழனே விழும், ஞாயிற்றுக்கிழமையில் போய் நிற்காது. மாத்திரை முப்பது நாளுக்கே கொடுக்கிறோம், இரண்டு நாள் கையிருப்பு இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை "தாமதம்" மட்டும் வடிகட்டி எடுத்துப் போன் போடுவது என் வேலை. சிலர் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டிலேயே மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களை விட்டுப்போனவர்களாகக் கணக்கு வைப்பது தப்பு என்று G-யில் "வேறிடம்" என்று குறிக்கிறோம்.

இன்னும் இடிக்கிற ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒருவர் சொன்ன வியாழனன்று சரியாக வந்தார், தாள் "சரி" என்றது, சுகர் மட்டும் ஏறியிருந்தது. பையைப் பிரித்தால் காலை மாத்திரையில் பத்து மாத்திரை அட்டை ஒன்று முழுசாக இருந்தது. தாளுக்குத் தெரிவது கொடுத்த மாத்திரை, விழுங்கியது இல்லை. இப்போது மிச்ச அட்டையையும் கொண்டுவரச் சொல்லி, எண்ணி, H-ல் எழுதுகிறேன்.