வெள்ளத்தில் நனைந்த சரக்குக்கு அடுத்தவர் மெயிலில் க்ளைம் போடாதீர்கள்: பாம்பன், தங்கச்சிமடம் வியாபாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் நம் பக்கம் ஒருவர் சுற்றுகிறார். கடையிலோ கிடங்கிலோ தண்ணீர் புகுந்தது என்று கேள்விப்பட்டால் போதும், "இன்சூரன்ஸ் க்ளைம் நான் வாங்கித் தருகிறேன்" என்று வந்து நிற்பார். கிடைக்கும் தொகையில் நூற்றுக்குப் பதினைந்து கமிஷன், முன்பணம் தனி. இவரால் என் க்ளைம் மூன்றில் ஒரு பங்கு குறையப் பார்த்தது. மோசடி என்ற பெயரோடு மொத்தமாகவே தள்ளுபடி ஆகியிருக்கவும் கூடும்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தங்கச்சிமடத்தில் இருக்கும் எங்கள் கருவாட்டுக் கிடங்கில் அன்று முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அடி வரிசை மூட்டைகள் எல்லாம் ஊறிப்போயின. அப்போதுதான் அவர் வந்தார். "அக்கா, நீங்க தண்ணிய இறைக்கிற வேலையப் பாருங்க, மெயில நான் போட்டுக்கிறேன்" என்றார். பாலிசி நகலை வாங்கிக்கொண்டார். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்கான செலவு என்று 8,000 ரூபாயும் வாங்கினார்.

இந்தப் பணமே முதல் ஏமாற்று. சர்வேயரை நியமிப்பது இன்சூரன்ஸ் நிறுவனம், அவருக்குக் கட்டணம் கொடுப்பதும் நிறுவனம்தான். சரக்குக்காரர் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. யாராவது சர்வேயர் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

சர்வேயர் வந்து கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாலிசி பத்து லட்சத்துக்குத்தானேம்மா எடுத்திருக்கீங்க? மெயில்ல மொத்த சரக்கு பதினைஞ்சு லட்சம்னு எழுதியிருக்கே?" அந்த மெயிலை நான் பார்த்ததே கிடையாது. அது அந்தக் கமிஷன்காரருடைய சொந்த மெயில் ஐடியிலிருந்து போயிருந்தது. மூன்றே வரி. சரக்குப் பட்டியல் இல்லை. தொகை பெரிதாகத் தெரியட்டும் என்று கிடங்கின் மொத்த இருப்பைப் பதினைந்து லட்சம் என்று அவராகவே போட்டிருக்கிறார்.

இதில் என்ன கெடுதல் என்று பலருக்குத் தெரியாது. கிடங்கில் பதினைந்து லட்சத்துக்குச் சரக்கு இருந்து, பத்து லட்சத்துக்கு மட்டும் பாலிசி இருந்தால், மூன்றில் ஒரு பங்கு சரக்குக்குக் காப்பீடே இல்லை என்று கணக்கு. நனைந்தது கொஞ்சம் சரக்குதான் என்றாலும், அந்த நஷ்டத்திலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். சிறு வியாபாரிகளுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் பதினைந்து சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்ளாமல் விடும் சலுகை இருக்கிறது. பத்துக்குப் பதினைந்து என்றால் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

எங்கள் உண்மையான இருப்பு 9 லட்சத்து 40 ஆயிரம். நல்லவேளையாகப் பேங்கில் கேஷ் கிரெடிட் வைத்திருப்பதால் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்கிறோம். அதுவும் கொள்முதல் கணக்கும் பொருந்தின. அன்று இரவே என் மெயில் ஐடியிலிருந்து திருத்த மெயில் அனுப்பினேன். தலைப்பில் பாலிசி எண், க்ளைம் எண், சேதம் நடந்த தேதி. முதல் பத்தியில், முன்பு போன மெயில் என் ஒப்புதல் இல்லாமல் வேறொருவர் அனுப்பியது, அதிலுள்ள தொகையும் படங்களும் செல்லாது என்று தெளிவாக எழுதினேன். அடுத்து மொத்த இருப்பு. அதற்குக் கீழே நனைந்த சரக்கின் பட்டியல்:

நெத்திலி, 30 மூட்டை, 750 கிலோ, கிலோ 220 ரூபாய்: 1,65,000
வாளை, 20 மூட்டை, 800 கிலோ, கிலோ 120 ரூபாய்: 96,000
சாளை, 25 மூட்டை, 1,000 கிலோ, கிலோ 70 ரூபாய்: 70,000
உப்பு, 40 மூட்டை: 12,000
சாக்கு, அட்டைப்பெட்டி: 7,000
மொத்தம்: 3,50,000

விலை எல்லாம் நாங்கள் வாங்கிய விலை. விற்கும் விலையைப் போட்டால் லாபத்தைச் சர்வேயர் அடித்துவிடுவார், நம் மற்ற எண்களின் மேலும் சந்தேகம் வரும். சாளைக்குப் பில் கிடையாது, கரையில் காயவைக்கிற பெண்களிடம் நேரடியாக வாங்குகிறோம். அதற்குக் கொள்முதல் நோட்டின் பக்கங்களையும், அவர்களுக்கு ஜிபே-யில் பணம் போட்ட பேங்க் ஸ்டேட்மெண்டையும் சேர்த்தேன். சர்வேயர் அதை ஏற்றுக்கொண்டார்.

படங்கள் விஷயம் இதைவிட மோசம். கமிஷன்காரர் அனுப்பிய படங்களில் இரண்டு எங்கள் கிடங்கே இல்லை. எங்களுடையது ஓட்டுக் கூரை, படத்தில் இருந்தது தகரக் கூரை. வேறு யாருடைய க்ளைமுக்கோ எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி இதிலும் ஒட்டியிருக்கிறார். பொய்யான ஆதாரம் கொடுத்தால் க்ளைம் முழுவதையும் மறுக்கப் பாலிசியிலேயே இடம் இருக்கிறது. அதனால்தான் அந்தப் படங்கள் செல்லாது என்று நான் எழுத்தில் கொடுத்தேன்.

நாங்கள் எடுத்த படங்கள் என் மகன் போனில் அப்படியே இருந்தன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எப்போது எடுத்தது என்ற விவரமும் உள்ளிருந்து போய்விடும். அதனால் போனிலிருந்து நேரே மெயிலில் இணைத்தோம். கடைப் பெயர்ப்பலகையோடு வெளிப்பக்கம், சுவரில் தண்ணீர் நின்ற கோடு, அந்தக் கோட்டோடு மூட்டைகள், பிரித்த மூட்டைக்குள் கருவாடு என்ற வரிசையில் வைத்தோம். 01_nethili.jpg என்பதுபோலப் பட்டியலின் வரிசை எண்ணையே கோப்புப் பெயரிலும் போட்டோம். ஜிமெயிலில் மொத்தம் 25 எம்பி-க்கு மேல் போனால் படங்கள் டிரைவ் இணைப்பாக மாறிவிடும், எதிர்ப்பக்கம் அது திறக்காமலும் போகலாம். ஆகவே மூன்று மெயிலாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் அதே க்ளைம் எண்ணைப் போட்டு அனுப்பினோம்.

கருவாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊறிய மூட்டை புழுத்துவிடும், தெருவே நாறும், சர்வேயர் வரும்வரை காத்திருக்க முடியாது. அதற்காகக் கேட்காமல் கொட்டிவிட்டால் சேதத்துக்கு ஆதாரம் போய்விடும். அகற்ற அனுமதி வேண்டும் என்று மெயில் போட்டு, பதில் வந்த பிறகு எடை போடும் படங்களோடு அகற்றினோம். சாளையில் ஒரு பகுதியைத் தீவன வியாபாரி 28,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அந்தத் தொகை நம் க்ளைமில் கழியும், மறைக்கக் கூடாது.

கடைசியில் 3,22,000-க்குக் கணக்கு முடிந்து, பாலிசிப்படி நாமே ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகை போக மீதி வந்தது. கமிஷன்காரர் எழுதிய பதினைந்து லட்சம் அப்படியே நின்றிருந்தால் அதே கணக்கு 2,14,667-ல் முடிந்திருக்கும். கொடுத்த 8,000 திரும்பவில்லை. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இவரிடமோ இவரைப் போன்றவரிடமோ ஏற்கெனவே பாலிசி நகலைக் கொடுத்திருந்தால், உங்கள் பெயரில் போன மெயிலையும் இணைப்புகளையும் உடனே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே க்ளைம் எண்ணைச் சொல்லி எழுதிக் கேளுங்கள். திருத்தம் இருந்தால் சர்வேயர் அறிக்கை போவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம். தனிநபர் பெயரில் நடக்கும் கடைகளின் புகாரை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.